பேர் நல்லா இருக்கா மாப்ளே?

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் ஒருவர் நண்பருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விளக்குவதற்காக நாமே எழுதிய மாதிரி இது. ஆளும் கடையும் கற்பனை. சிக்கல் மட்டும் கற்பனை இல்லை.

“மாப்ளே, காங்கேயத்துல செக்கு ரெண்டும் இறக்கியாச்சு. கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூணும் ஆட்டப் போறோம். மொதல்ல திருப்பூர், கோயம்புத்தூர் வீடுகளுக்கு நேரா டெலிவரி, அப்புறம் ஆன்லைன். பேர்தான் இன்னும் முடிவாகல. கடைசியா மூணுல வந்து நிக்குது. ஒண்ணு ‘தூய செக்கு’. ரெண்டாவது ‘வாகை’. மூணாவது ‘தும்பி’. அப்பாவுக்குத் தூய செக்குதான் புடிச்சிருக்கு. தும்பி, தங்கச்சி சொன்னது. எனக்கு என்னமோ வாகைதான் மனசுல நிக்குது, வெற்றின்னு அர்த்தம் வேற இருக்கு. நீ ஒளிக்காமச் சொல்லு, எது நல்லா இருக்கு? லேபிள் அடிக்கக் கொடுக்கணும், சீக்கிரம் சொல்லு.”

இதைப் படிக்கும் நண்பர் என்ன பதில் போடுவார் என்று ஊகிப்பது கடினமல்ல. “வாகை சூப்பர்டா!” என்பார். கேட்டவர் தனக்குப் பிடித்த பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்பா எதைச் சொன்னார், தங்கை எதைச் சொன்னாள் என்பதும் தெரிந்துவிட்டது. இனி எந்தப் பெயரைக் குறை சொன்னாலும் யாரோ ஒருவரைக் குறை சொன்னதாகும். போதாததற்கு அவசரம் வேறு. ‘ஒளிக்காமச் சொல்லு’ என்று எழுதியிருந்தாலும், ஒளிக்காமல் சொல்ல இந்தக் கடிதத்தில் இடமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘எது நல்லா இருக்கு?’ என்ற கேள்வியிலேயே இருக்கிறது. கேட்டவுடன் நல்லா இருக்கும் பெயர் எது? பொருள் என்ன என்பதைத் தானே சொல்லிவிடும் பெயர். ‘தூய செக்கு’ என்றால் விளக்கமே வேண்டாம். ஆனால் பெயரைத் தனதாக்கிக் காப்பாற்றிக்கொள்ளும் கட்டம் வரும்போது, அப்படிப்பட்ட பெயர்தான் சட்டத்தின் முன் முதலில் சரியும். கேட்டதும் “இது என்ன பேரு?” என்று புருவம் உயர்த்த வைக்கும் பெயர்தான் அங்கே உறுதியாக நிற்கும். நண்பரின் ரசனையும் டிரேட்மார்க் பதிவகத்தின் கணக்கும் நேரெதிர்த் திசையில் போவது இந்த இடத்தில்தான். அதனால் நண்பரிடம் எதைக் கேட்பது, எதை நாமே போய்ப் பார்ப்பது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நாமே பார்க்க வேண்டியது

வர்த்தகக் குறிகள் சட்டம் 1999-இன் 9-ஆவது பிரிவு, பொருளின் வகை, தரம், பயன், விளைந்த இடம் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் சொற்களைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. காரணம் எளியது. ‘செக்கு’ என்ற சொல்லை ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், மற்ற செக்குக்காரர்கள் தங்கள் எண்ணெயை என்ன சொல்லி விற்பார்கள்? நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தச் சொல் ஒரே நிறுவனத்தைக் குறிப்பதாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. இன்னும் ஒரு பாட்டில்கூட விற்காதவருக்கு அந்த வழி கிடையாது. தமிழ் எழுத்தில் போட்டால் தப்பிவிடலாம் என்றும் நினைக்க முடியாது. பதிவு விண்ணப்பத்தில் தமிழ்ச் சொல் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும்.

எனவே ‘தூய செக்கு’ முதல் படியிலேயே தடுமாறும். ஒருவேளை படத்தோடு சேர்த்து லோகோவாகப் பதிவு கிடைத்தாலும், அந்த இரு சொற்களையும் வேறு யாரும் எழுதக் கூடாது என்று தடுக்க முடியாது. பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. ஐடிசி தன் நூடுல்ஸில் ‘மேஜிக் மசாலா’ என்று போட்டது. நெஸ்லே தன் நூடுல்ஸில் ‘மேஜிக்கல் மசாலா’ என்று போட்டது. ஐடிசி வழக்குத் தொடர்ந்தது. ‘மேஜிக்’ என்பது பொருளைப் புகழும் பொதுச்சொல், அதை யாரும் தனியுடைமை ஆக்கிக்கொள்ள முடியாது என்று கூறி, 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐடிசிக்குத் தடையுத்தரவு தர மறுத்துவிட்டது. ‘தூய’ என்பதும் அதே வகைப் புகழ்ச்சொல்தான்.

உணவுப் பொருள் என்பதால் ‘தூய’வுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் கொண்டுவந்த விளம்பர விதிகள், தூய, இயற்கையான, பாரம்பரியமான என்ற பொருள் தரும் சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று வரையறுக்கின்றன. பிராண்ட் பெயரிலேயே அப்படி ஒரு சொல் இருந்து, அது வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் என்றால், ‘இது பிராண்ட் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல’ என்ற கருத்தில் ஒரு வாசகத்தை லேபிளில் அச்சிட வேண்டும். ‘தூய செக்கு’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு அதன் கீழே இப்படி ஒரு வரி வந்தால் எப்படி இருக்கும்?

அடுத்தது வாகை. வெற்றி, வாகைப் பூ என்று எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத அழகான சொல்லாகத் தெரிகிறது. ஆனால் மரச்செக்கு எண்ணெய் விற்பவர்களின் பாட்டில்களை நாலு எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். ‘வாகை மரச்செக்கில் ஆட்டியது’ என்று போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். செக்கின் உரலும் உலக்கையும் வாகை மரத்தில் செய்யப்படுவது பெருமையாகச் சொல்லப்படுகிறது. எனவே வேறு பொருளுக்கு வைத்தால் தனித்து நிற்கக்கூடிய சொல், செக்கெண்ணெய்க்கு வைக்கும்போது செய்முறையைச் சொல்லும் சொல்லாகிவிடுகிறது. நம் செக்கு வாகை மரம் என்றால் ‘இது வெறும் விவரணை’ என்று ஆட்சேபம் வரலாம். வாகை மரம் இல்லையென்றால் ‘வாங்குபவரை ஏமாற்றும் பெயர்’ என்று ஆட்சேபம் வரலாம். இரண்டு பக்கமும் இடி.

தும்பிக்கும் எண்ணெய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதுவே அதன் பலம். இந்தச் சொல் இல்லாவிட்டால் மற்ற எண்ணெய்க்காரர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பதால், ஒருவருக்கே விட்டுக்கொடுக்கச் சட்டம் தயங்காது. இதே பெயரில் தமிழில் ஒரு சிறுவர் இதழ் இருக்கிறதே என்று தோன்றலாம். பொருள்களும் சேவைகளுமாக மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்துத்தான் டிரேட்மார்க் பதிவாகிறது. அச்சிட்ட இதழ் 16-ஆவது வகுப்பு. சமையல் எண்ணெய் 29. நாடே அறிந்த புகழ்பெற்ற குறியாக இல்லாதவரை, தொடர்பில்லாத வகுப்புகளில் ஒரே சொல்லை வெவ்வேறு ஆட்கள் வைத்திருக்கலாம்.

29-ஆவது வகுப்பில் வேறு யாராவது ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை. `ipindia.gov.in` தளத்தில் இலவசமாகத் தேடலாம். `Wordmark` என்ற பகுதியில் எழுத்துப்படி தேடிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. `Phonetic` என்ற பகுதியில் ஒலிப்படியும் தேட வேண்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதப் பல வழிகள் இருப்பதால் `Thumbi`, `Tumbi`, `Thumpi` என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தேங்காயெண்ணெயைத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயாகவும் விற்கும் எண்ணம் இருந்தால் 3-ஆவது வகுப்பிலும், கடை அல்லது இணையதளம் நடத்துவதற்கு 35-ஆவது வகுப்பிலும் தேட வேண்டும். `Abandoned` என்று இருந்தால் இடம் காலி என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. விண்ணப்பத்தைக் கைவிட்டவர் கடையைக் கைவிட்டார் என்று அர்த்தமில்லை. பதியாவிட்டாலும் முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்றுவருபவருக்கு உரிமை உண்டு.

எழுத்து வேறு, காது வேறு

ஒலிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், அதற்கு நம் ஊர் வழக்கே சாட்சி. சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற பெயரில் மூக்குப்பொடி விற்பனையாகி வந்தது. இன்னொருவர் ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயரைத் தன் மூக்குப்பொடிக்குப் பதிவு செய்ய முயன்றார். அம்பாள் பார்வதி, ஆண்டாள் திருப்பாவை பாடியவள். குழப்பம் எங்கிருந்து வரும் என்று நமக்குத் தோன்றும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969-இல் வந்த தீர்ப்பு ஆண்டாளுக்குச் சாதகமாக இல்லை. கண்ணால் பார்த்து ஒப்பிட்டால் மட்டும் போதாது, காதாலும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலியில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. மூக்குப்பொடி வாங்கும் எல்லோருக்கும் இரண்டின் வேறுபாடு தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கருதியது. கடைக்காரரிடம் வாயால் கேட்டு வாங்கும் பொருளுக்கு இந்தத் தர்க்கம் இன்றைக்கும் பொருந்தும்.

இதே அளவுகோலை வாகை மேல் வைத்துப் பாருங்கள். `Vagai` என்று எழுதினால், நடுவில் ஓர் எழுத்து கூடும்போது `Vaigai` ஆகிவிடுகிறது. மதுரைப் பக்கம் வைகை என்ற பெயரில் எத்தனை கடைகள், எத்தனை பொருள்கள்! 29-ஆவது வகுப்பில் யாராவது வைகையைப் பதிந்து வைத்திருந்தால் அங்கேயே மோதல்.

நண்பரிடம் கேட்க வேண்டியது

மேலே சொன்ன எதுவும் நண்பர் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. ஆனால் நாமே எவ்வளவு முயன்றாலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பெயரைப் பற்றி முன்பின் தெரியாத ஒரு காதில் அது எப்படி விழுகிறது என்பதுதான் அது. பெயர் வைத்தவருக்கு அது நூறு முறை சொல்லிப் பழகிய சொல். அந்தப் பழக்கமில்லாத காது நண்பருடையது.

ஜெஃப் பெசோஸ் 1994-இல் தன் நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘கடாப்ரா’. மந்திரவாதிகள் சொல்லும் ‘அப்ரகடாப்ரா’வின் வால் அது. தொலைபேசியில் அதைக் கேட்ட அவருடைய வழக்கறிஞருக்கு ‘கடாவர்’ என்று காதில் விழுந்ததாம். ஆங்கிலத்தில் அதற்குப் பிணம் என்று பொருள். பெயர் மாறியது, அமேசான் வந்தது. அந்த வழக்கறிஞரிடம் ‘கடாப்ரா நல்லா இருக்கா?’ என்று காகிதத்தில் எழுதிக் கேட்டிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

ஆகவே மூன்று பெயர்களையும் எழுதி அனுப்பாமல் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லி, காதில் விழுந்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்வதே முதல் சோதனை. தும்பிக்கு இங்கேதான் அடி விழும். இரைச்சலில் ‘தம்பி’ என்று கேட்கும். `Thumbi` என்று எழுதியதை ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் கட்டைவிரலை நினைத்துக்கொண்டு ‘தம்பி’ என்றே வாசிப்பார்கள். `Thumbi` என்று விளம்பரம் செய்து, `Tumbi` என்று தேடுபவர்களை இழக்கும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது சோதனை, பெயரைச் சொன்னதும் மனதில் முதலில் வந்தது என்ன என்று கேட்பது. என்ன விற்கிறோம் என்பதை அப்போது சொல்லக் கூடாது. தும்பி என்றதும் ஒருவர் சிறு வயதில் வால் பிடித்து விளையாடியதைச் சொல்வார். இன்னொருவர் பூச்சி என்பார். மூன்றாமவர் ‘தூசு தும்பு’ என்பார். தூய்மையை நம்பி விற்கும் எண்ணெய்க்கு இந்த மூன்றாவது பதில்தான் விலைமதிப்பில்லாதது. பிறகு என்ன பொருள் என்று சொல்லிவிட்டு, “இந்தப் பெயர் போட்ட பாட்டிலை உன் அம்மா கடையில் பார்த்தால் என்ன நினைப்பார்?” என்று கேட்க வேண்டும். ‘எண்ணெய் பாட்டில்ல எதுக்குடா பூச்சிப் படம்?’ என்று ஒரு பதில் வந்தால், பெயரை மாற்றாவிட்டாலும் லோகோவையாவது மாற்ற வேண்டும் என்பது புரியும். நண்பரே பதில் சொல்வதைவிட அவருடைய அம்மாவிடம் கேட்டுச் சொல்வது இன்னும் நல்லது. எண்ணெய் வாங்குபவர் அவர்தானே.

மூன்றாவது சோதனைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று நாள் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, “அன்னிக்கு மூணு பேர் சொன்னேனே, என்னென்ன?” என்று கேட்க வேண்டும். பிடித்த பெயரும் நினைவில் நின்ற பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்ற கட்டாயமில்லை. ‘தூய செக்கு’ பிடித்தது என்றவர்களே அதை ‘சுத்தமான செக்கு’, ‘நல்ல செக்கு’ என்று மாற்றிச் சொல்லும் வாய்ப்பு அதிகம். பொருள் மனதில் நின்று சொல் நழுவிவிட்டது என்று அர்த்தம். அப்படி நழுவினால் அடுத்த முறை அவர் கடையில் கேட்பது வேறு யாருடைய எண்ணெயாகவோ இருக்கும்.

இந்த மூன்றையும் ஒரே நண்பரிடம் கேட்டு முடிவு செய்ய முடியாது. ஊர் மாறினால் காதும் மாறும் என்பதால், வெவ்வேறு மாவட்டத்தைச் சேர்ந்த பத்துப் பேர் இருந்தால் போதும். ஒவ்வொருவரிடமும் பெயர்களின் வரிசையை மாற்றிச் சொல்ல வேண்டும். முதலில் கேட்டதும் கடைசியில் கேட்டதும் சலுகை பெறுவது மனித இயல்பு. நமக்கு எது பிடிக்கும், யார் சொன்ன பெயர் என்பதைக் கடைசிவரை சொல்லக் கூடாது. வரும் பதில்களில் வாக்கு எண்ணுவதும் வீண். எட்டுப் பேர் ‘சூப்பர்’ என்றது பெரிய தகவல் அல்ல. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே தவறைச் சொன்னால் அதுதான் தகவல்.

குறைகளை எடைபோடுவது

மூன்று பெயரிலும் குறை வந்துவிட்டது. இப்போது பார்க்க வேண்டியது, எந்தக் குறையைச் சரிசெய்ய முடியும் என்பதை. ‘தூய செக்கு’வின் குறை அந்தச் சொற்களின் பொருளிலேயே இருக்கிறது. எத்தனை அழகாக வடிவமைத்தாலும் போகாது. வாகையின் குறை தொழிலின் வழக்கத்தில் இருக்கிறது. அதை ஒரு தனிக் கடைக்காரர் மாற்ற முடியாது. தும்பியின் குறைகளில் பாதியைச் சரிசெய்யலாம். பாட்டிலில் தமிழ் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் ‘தம்பி’ குழப்பம் குறையும். பூச்சியை வரையாமல் சிறகின் கோடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இணைய முகவரியில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கிப் போடலாம். ‘தூசு தும்பு’ மட்டும் சரிசெய்ய முடியாதது. பத்தில் ஒருவருக்கு மட்டும் தோன்றினால் கடந்து போகலாம். மூன்று நான்கு பேருக்குத் தோன்றினால் தும்பியையும் விட்டுவிட்டு, அதே வகையில், அதாவது எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத இன்னொரு எளிய சொல்லாகத் தேடிக்கொள்வது நல்லது.

முடிவான பிறகு செய்ய வேண்டியவற்றில் ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிய நினைப்பவர்கள் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் `SPICe+` படிவத்தின் முதல் பகுதியில் இரண்டு பெயர்கள்வரை கொடுத்து, 1,000 ரூபாய் கட்டினால், ஏற்கப்பட்ட பெயர் 20 நாளுக்கு ஒதுக்கிவைக்கப்படும். கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டது, இனி பெயர் நம்முடையது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது கம்பெனிகளின் பட்டியலில் இடம் பிடித்ததுதான். பாட்டிலில் ஒட்டும் பெயருக்கு அது உரிமை தராது. அதற்கு டிரேட்மார்க் விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். தனிநபர், சிறுதொழில், அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப் என்றால் இணையவழியில் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. இன்னும் விற்பனை தொடங்கவில்லை என்றாலும் ‘பயன்படுத்த உத்தேசித்துள்ள குறி’ என்று விண்ணப்பிக்கலாம்.

பரிசோதகர் ஏற்றுக்கொண்டால் பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லாமல் பதிவானால் பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ™ குறியைப் போட்டுக்கொள்ளலாம். பதிவுச் சான்று கைக்கு வராமல் ® குறியைப் போடுவது தண்டனைக்குரிய குற்றம். லேபிள் வடிவமைப்பவர்கள் அழகுக்காக அதைச் சேர்த்துவிடுவது உண்டு. அச்சுக்கு அனுப்பும் முன் பார்த்துவிட வேண்டும். எதிர்ப்புக் காலம் முடியும்வரை லேபிளை ஒரு மாத விற்பனைக்கு வேண்டிய அளவு மட்டுமே அச்சிடுவதும் புத்திசாலித்தனம். மொத்தமாக அடித்தால் விலை குறையும் என்று அச்சகத்தார் சொல்வார்கள். பெயரை மாற்ற நேர்ந்தால் மிச்சம் பிடித்த அந்தக் காசும் அடுக்கிவைத்த லேபிளும் சேர்ந்தே போகும்.